டென்னிஸ் ஸ்கோர்: லவ்விலிருந்து டியூஸ், அட்வான்டேஜ் வரை புதியவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒரு விம்பிள்டன் சமயத்தில் அக்கா மகள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். பதினோரு வயது. கிரிக்கெட் ஸ்கோரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். டென்னிஸ் ஸ்கோரைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில், "மாமா, 15, 30ன்னா அடுத்து 45தானே வரணும்? எப்படி 40 வருது?" என்று கேட்டாள். சமையலறையிலிருந்து ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைக் கொண்டுவந்து தரையில் பரப்பித்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்று அவள் கேட்ட கேள்விகளும், நான் ஆடும் கோர்ட்டில் புதிதாக மட்டை பிடிப்பவர்கள் கேட்ட கேள்விகளும் இங்கே இருக்கின்றன.

பாயிண்ட், கேம், செட், மேட்ச் என்று நான்கு வார்த்தை சொல்கிறார்கள். எது பெரியது, எது சின்னது?

பாயிண்ட்தான் எல்லாவற்றிலும் சின்னது. பாயிண்ட்கள் சேர்ந்தால் ஒரு கேம், கேம்கள் சேர்ந்தால் ஒரு செட், செட்கள் சேர்ந்தால் மேட்ச்.

ஒருவர் சர்வ் போட்டதிலிருந்து பந்து செத்துப்போகும் வரை நடப்பது ஒரு பாயிண்ட். உங்கள் பக்கத்தில் பந்து இரண்டு முறை தரையில் பட்டாலோ, நீங்கள் அடித்தது வலையில் மாட்டினாலோ, கோட்டுக்கு வெளியே விழுந்தாலோ பாயிண்ட் எதிராளிக்கு. சர்வ் போடுபவருக்கு மட்டும் ஒவ்வொரு பாயிண்டிலும் இரண்டு வாய்ப்பு உண்டு. இரண்டு சர்வும் தப்பினால் அது டபுள் ஃபால்ட், பாயிண்ட் போய்விடும்.

ஒரு கேம் முழுக்க ஒருவரே சர்வ் போடுவார். அடுத்த கேமில் மற்றவர். ஆறு கேம் ஜெயித்தால், அதுவும் இரண்டு கேமாவது கூடுதலாக இருந்தால், செட் கிடைக்கும். பெரும்பாலான போட்டிகளில் மூன்றில் இரண்டு செட் எடுத்தால் வெற்றி. விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் மட்டும் ஆண்கள் ஒற்றையருக்கு ஐந்தில் மூன்று செட் வேண்டும்.

புதியவர்கள் திணறுவது பெரும்பாலும் கேமுக்குள்ளேதான். அதனால் இந்தப் பக்கத்தில் அதற்குத்தான் அதிக இடம்.

ஒரு பாயிண்ட் எடுத்தால் 15 ஏன் தருகிறார்கள்?

தருவதில்லை. ஒரு பாயிண்டுக்கு ஒரு பாயிண்ட்தான். 15 என்பது "ஒன்று" என்பதற்கு டென்னிஸ் வைத்திருக்கும் பெயர். பூஜ்யத்துக்கு லவ், ஒன்றுக்கு 15, இரண்டுக்கு 30, மூன்றுக்கு 40. நான்காவது எடுத்தால் கேம் முடிந்தது.

புளியங்கொட்டை வைத்துப் பார்த்தால் குழப்பமே இராது. ஒவ்வொருவர் முன்னாலும் நான்கு குழி. ஒரு பாயிண்ட் எடுத்தால் ஒரு கொட்டையை ஒரு குழியில் போடுங்கள். யார் முதலில் நான்கையும் நிரப்புகிறாரோ அவருக்குக் கேம். குழிகளுக்கு 15, 30, 40, கேம் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த எண்களைக் கூட்டவோ கழிக்கவோ யாருக்கும் வேலை இல்லை. 40-15 என்றால் 25 முன்னிலை என்று நினைக்கக் கூடாது. மூன்று கொட்டைக்கு ஒரு கொட்டை, வித்தியாசம் இரண்டு.

சரி, அப்படியே இருந்தாலும் 15, 30க்கு அப்புறம் 45 தானே நியாயம்?

அக்கா மகள் கேட்டதில் தப்பே இல்லை. முதலில் 45 ஆகத்தான் இருந்தது. டென்னிஸுக்கு மூதாதை, பிரான்ஸில் உள்ளங்கையால் பந்தை அடித்து ஆடிய ஒரு பழைய விளையாட்டு. அதில் 15, 30, 45 என்றுதான் எண்ணினார்கள். காலப்போக்கில் 45 வாய்வழக்கில் சுருங்கி 40 ஆகி, அப்படியே நிலைத்துவிட்டது.

ஏன் 15, 15 ஆக ஏறியது என்பதற்குக் கடிகாரக் கதை ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கால் மணி, அரை மணி, முக்கால் மணி என்று முள்ளை நகர்த்தி வைத்தார்கள் என்பார்கள். கேட்க அழகாக இருந்தாலும் இதற்கு உறுதியான சான்று கிடையாது. லவ்வுக்கும் இரண்டு கதைகள். பூஜ்யம் முட்டை வடிவில் இருப்பதால் பிரெஞ்சில் முட்டையைக் குறிக்கும் சொல் ஆங்கிலேயர் வாயில் லவ் ஆனது என்பது ஒன்று. பந்தயப் பணம் இல்லாமல் பிரியத்துக்காக மட்டும் ஆடுவது என்ற ஆங்கில வழக்கிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படியாக இருக்கிறது. ஆனால் பள்ளியில் முட்டை மார்க் வாங்கிய நம்மவர்களுக்கு முதல் கதை சட்டென்று மனதில் நிற்கும்.

15-30 என்கிறார் அம்பயர். இதில் 15 யாருடையது, 30 யாருடையது?

முதலில் சொல்வது எப்போதும் சர்வ் போடுபவரின் கணக்கு. 15-30 என்றால் சர்வ் போடுபவர் ஒன்று எடுத்திருக்கிறார், எதிராளி இரண்டு. இருவரும் சமமாக இருந்தால் 15 ஆல், 30 ஆல் என்பார்கள்.

ஒரு சாதாரண கேம் எப்படி ஓடும் என்று பாருங்கள். சர்வ் போடுபவர் முதல் பாயிண்டை எடுக்கிறார்: 15-லவ். அடுத்தது எதிராளிக்கு: 15 ஆல். மறுபடி எதிராளிக்கு: 15-30. அடுத்து சர்வ் போடுபவர் எடுக்கிறார்: 30 ஆல். மறுபடியும் அவரே: 40-30. இன்னொன்றும் அவரே எடுத்தால் கேம் அவருக்கு. மொத்தம் ஆறு பாயிண்ட், நான்குக்கு இரண்டு.

சர்வ் போடுபவர் தன் கேமை ஜெயிப்பதுதான் எதிர்பார்க்கப்படுவது, ஏனென்றால் முதல் அடி அவர் கையில் இருக்கிறது. அந்தக் கேமை எதிராளி பறித்துவிட்டால் அதற்கு பிரேக் என்று பெயர். வர்ணனையாளர்கள் 30-40, 15-40 என்ற ஸ்கோரில் குரலை உயர்த்துவது இதற்காகத்தான். இன்னும் ஒரு பாயிண்ட் போனால் பிரேக்.

இருவருமே 40 என்றால்? 40 ஆல் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லையே?

அதற்குத்தான் டியூஸ். இருவர் முன்னாலும் மூன்று மூன்று கொட்டை. இப்போது ஒருவர் நான்காவதைப் போட்டால் 4-3. டென்னிஸில் ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் கேமை முடிக்க விடமாட்டார்கள். குறைந்தது இரண்டு வித்தியாசம் வேண்டும். அதனால் 40-40 வந்ததும் "இனி யாராக இருந்தாலும் அடுத்தடுத்து இரண்டு எடுக்க வேண்டும்" என்ற நிலை வந்துவிடுகிறது. அந்த நிலைக்குத்தான் டியூஸ் என்று பெயர். பிரெஞ்சில் இரண்டு என்பதற்கான சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். விதியோடு அது சரியாகப் பொருந்துகிறது.

"அடுத்தடுத்து" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். புதியவர்கள் தவறுவது அங்கேதான். டியூஸுக்கு அப்புறம் மொத்தமாக இரண்டு எடுத்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இடையில் எதிராளி ஒன்று எடுத்துவிட்டால் நீங்கள் எடுத்தது கரைந்துபோகும். மறுபடி டியூஸ், மறுபடி முதலிலிருந்து இரண்டு.

அட்வான்டேஜ் என்பது எத்தனை பாயிண்ட்?

ஒன்றே ஒன்று. டியூஸில் ஒரு பாயிண்டை எடுத்தவர் இருக்கும் நிலைக்கு அட்வான்டேஜ் என்று பெயர். அவர் இன்னும் ஒன்று எடுத்தால் கேம். எடுக்காவிட்டால் ஸ்கோர் டியூஸுக்கே திரும்பிவிடும்.

நான் புளியங்கொட்டையில் காட்டியது இப்படி. டியூஸ் வந்ததும் தரையிலிருந்த ஆறு கொட்டைகளையும் ஓரமாக ஒதுக்கிவிட்டேன். நடுவில் ஒரே ஒரு கொட்டை. யார் பாயிண்ட் எடுக்கிறாரோ அவர் பக்கம் அதை ஒரு சாண் நகர்த்தலாம். அவரே மறுபடி எடுத்தால் இன்னொரு சாண் நகர்ந்து கேம் ஆகிவிடும். மற்றவர் எடுத்தால் கொட்டை நடுவுக்கே வந்துவிடும். அக்கா மகள் பத்து நிமிடம் நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, "கயிறு இழுக்கிற மாதிரி" என்றாள். அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தொலைக்காட்சித் திரையில் அட்வான்டேஜ் பெற்றவர் பெயருக்கு எதிரே AD என்று வரும். மைதானத்தில் அம்பயர் "அட்வான்டேஜ்" என்று சொல்லி ஆட்டக்காரர் பெயரைச் சொல்வார். கிளப்பில் ஆடுபவர்கள் சர்வ் போடுபவர் முன்னிலையில் இருந்தால் ஆட் இன், எதிராளி முன்னிலை என்றால் ஆட் அவுட் என்று சுருக்கிச் சொல்வார்கள்.

அப்படியானால் ஒரு கேம் முடியவே முடியாமல் போகலாமே?

விதிப்படி போகலாம், எல்லையே இல்லை. 1975ல் இங்கிலாந்தின் சர்ரேயில் நடந்த ஒரு போட்டியில் ஆண்டனி ஃபாசெட்டும் கீத் கிளாஸும் ஆடிய ஒரே கேமில் 37 முறை டியூஸ் வந்தது. எத்தனை பாயிண்ட் ஆடியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடலாம். முதல் டியூஸ் வர ஆறு பாயிண்ட், மூன்றும் மூன்றும். ஒரு டியூஸிலிருந்து அடுத்த டியூஸுக்கு இரண்டு பாயிண்ட், ஏறியது ஒன்று, இறங்கியது ஒன்று. 36 முறை அப்படி என்றால் 72. கடைசி டியூஸுக்குப் பிறகு ஒருவரே அடுத்தடுத்து எடுத்தது இரண்டு. 6, 72, 2 சேர்த்தால் 80. ஒரு கேமுக்கு எண்பது பாயிண்ட்! அதையும் ஸ்கோர் அட்டையில் ஒரு கேம் என்றுதான் எழுதுவார்கள்.

நிஜ மேட்ச்சில் இது எப்படி நடக்கும் என்று ஒன்றைக் காட்ட முடியுமா?

2019 விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டி. ரோஜர் ஃபெடரரும் நோவாக் ஜோகோவிச்சும் ஆளுக்கு இரண்டு செட் எடுத்து ஐந்தாவது செட்டில் நிற்கிறார்கள். அதில் 8-7 என்று ஃபெடரர் முன்னிலை. சர்வும் அவர் கையில். இந்தக் கேமை எடுத்தால் கோப்பை அவருக்கு. ஸ்கோர் 40-15 ஆகிறது.

புளியங்கொட்டையில் சொன்னால் மூன்றுக்கு ஒன்று. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் போதும், அதற்கு இரண்டு வாய்ப்பு இருக்கிறது. முதல் வாய்ப்பில் ஃபெடரர் அடித்த ஃபோர்ஹேண்ட் வெளியே போனது: 40-30. இரண்டாவது வாய்ப்பில் அவர் பந்தை அடித்துவிட்டு வலையை நோக்கி ஏறி வந்தார். ஜோகோவிச் அவரைத் தாண்டிக் குறுக்காக ஒரு ஃபோர்ஹேண்டை ஓட்டினார். டியூஸ்.

இந்த இடத்தில் என்ன மாறியது என்று கவனியுங்கள். ஒரு நிமிடத்துக்கு முன் ஃபெடரருக்கு வேண்டியிருந்தது ஒரு பாயிண்ட், ஜோகோவிச்சுக்கு வேண்டியிருந்தது நான்கு. டியூஸ் வந்ததும் இருவருக்கும் வேண்டியது இரண்டு. அதற்கு முன் ஃபெடரர் எவ்வளவு முன்னால் இருந்தார் என்பதற்கு இனி எந்த மதிப்பும் இல்லை. அடுத்த பாயிண்டும் ஜோகோவிச்சுக்கே: அட்வான்டேஜ் ஜோகோவிச். அதற்கடுத்ததும் அவருக்கே: கேம். 40-15 என்று இருந்ததை, அடுத்தடுத்து நான்கு பாயிண்ட் எடுத்து பிரேக் செய்து 8-8 ஆக்கிவிட்டார். கடைசியில் கோப்பையும் அவருக்குத்தான் போனது. நான் ஃபெடரர் பக்கம். அந்தக் கேமை இன்னும் முழுதாகத் திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை. ஆனால் டியூஸை யாருக்காவது விளக்க வேண்டுமானால் அதைத்தான் சொல்கிறேன்.

மொத்தமாக அதிக பாயிண்ட் எடுத்தவரை ஜெயித்தவர் என்று சொல்லிவிட்டால் எளிதாக இருக்குமே?

எளிதுதான், ஆனால் அது வேறு ஒரு விளையாட்டாகிவிடும். மேலே சொன்ன அதே இறுதிப் போட்டியில் ஃபெடரர் மொத்தம் 218 பாயிண்ட் எடுத்தார், ஜோகோவிச் 204. கேம் கணக்கிலும் ஃபெடரருக்கு 36, ஜோகோவிச்சுக்கு 32. இரண்டிலும் அதிகம் எடுத்தவர் தோற்றார். செட் கணக்கு: 7-6, 1-6, 7-6, 4-6, 13-12. இரண்டாவது செட்டை ஃபெடரர் 6-1 என்று வாரிச் சுருட்டினார், ஆனாலும் அது ஒரு செட்தான். ஜோகோவிச் நெருக்கமாக எடுத்த செட்டும் ஒரு செட்தான்.

ஒவ்வொரு கேம் முடிந்ததும் பாயிண்ட் பலகை அழிக்கப்படுகிறது. ஒவ்வொரு செட் முடிந்ததும் கேம் பலகை அழிக்கப்படுகிறது. மீதமானதை அடுத்ததற்கு எடுத்துச் செல்ல முடியாது. 5-0 என்று பின்தங்கிய செட்டைக் கைகழுவிவிட்டு அடுத்த செட்டில் புதிதாகத் தொடங்கலாம். முன்னிலையில் இருப்பவர் நேரத்தைக் கடத்தித் தப்பிக்கவும் முடியாது, கடைசிப் பாயிண்டை அவரேதான் ஜெயித்தாக வேண்டும்.

இதனால் திறமைக்கு அநியாயம் நடக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை, உண்மையில் உதவிதான் செய்கிறது. சர்வ் போடுபவர் பத்துக்கு ஆறு பாயிண்ட் எடுக்கக்கூடியவர் என்று வையுங்கள். டியூஸில் அவர் அடுத்தடுத்து இரண்டு எடுக்கும் வாய்ப்பு 0.6 பெருக்கல் 0.6, அதாவது 36 விழுக்காடு. எதிராளி அடுத்தடுத்து இரண்டு எடுக்கும் வாய்ப்பு 0.4 பெருக்கல் 0.4, 16 விழுக்காடு. மிச்ச நேரமெல்லாம் ஆளுக்கு ஒன்று எடுத்து டியூஸுக்கே திரும்புவதால் அதை விட்டுவிடலாம். 36க்கு 16 என்றால் டியூஸிலிருந்து அவர் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 69 விழுக்காடு. கேமை முதலிலிருந்து கணக்கிட்டால் சுமார் 74 வரும். பாயிண்டில் 60 ஆக இருந்த சின்ன ஆதிக்கம் கேமில் 74 ஆக வளர்கிறது.

30 ஆலுக்கும் டியூஸுக்கும் நிஜத்தில் வித்தியாசம் உண்டா?

பெயரில் மட்டும்தான். 30 ஆலில் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு எடுத்தால் கேம். ஆளுக்கு ஒன்று எடுத்தால் டியூஸ். டியூஸிலும் அப்படியேதான். அதேபோல 40-30ம் சர்வ் போடுபவரின் அட்வான்டேஜும் ஒன்றே. இது தெரிந்துவிட்டால் 30 ஆல் வந்ததுமே நிமிர்ந்து உட்காருவீர்கள். அனுபவப்பட்டவர்கள் டியூஸ் வரும்வரை காத்திருப்பதில்லை.

செட் 6-4 என்று முடிகிறது, சில சமயம் 7-5, சில சமயம் 7-6. எது விதி?

ஆறு கேம், இரண்டு வித்தியாசம். 6-4 என்றால் முடிந்தது. 6-5 என்றால் வித்தியாசம் ஒன்றுதான், அதனால் தொடரும். 7-5 ஆனால் முடியும். 6-6 ஆகிவிட்டால் டைபிரேக் என்ற ஒரு தனிக் கேம் ஆடி முடித்துவிடுவார்கள். அதில் லவ், 15 எதுவும் கிடையாது. நாம் எண்ணுவதுபோல 1, 2, 3 என்று எண்ணி, 7 எடுத்தவருக்குச் செட். அங்கேயும் இரண்டு வித்தியாசம் வேண்டும், 6-6 ஆனால் 8-6, 9-7 என்று நீளும். முதல் பாயிண்டுக்கு ஒருவர் சர்வ் போடுவார், அப்புறம் ஆளுக்கு இரண்டிரண்டு. ஆறு பாயிண்டுக்கு ஒருமுறை பக்கம் மாறுவார்கள். செட் 7-6 என்று எழுதப்படும். பக்கத்தில் சின்ன எண்ணாக, 7-6(5) என்று இருந்தால், டைபிரேக்கில் தோற்றவர் எடுத்தது 5 என்று பொருள்.

டைபிரேக்கைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வான் ஆலன் என்ற அமெரிக்கர். 1970ல் அமெரிக்க ஓப்பனிலும் 1971ல் விம்பிள்டனிலும் டைபிரேக் நுழைந்தது. அதற்கு முன் செட்டும் டியூஸ் மாதிரிதான், இரண்டு கேம் வித்தியாசம் வரும் வரை போய்க்கொண்டே இருக்கும். 1966 டேவிஸ் கோப்பையில் கல்கத்தாவில் நம் ராமநாதன் கிருஷ்ணன் பிரேசிலின் தாமஸ் கோச்சுடன் ஆடியபோது ஒரு செட் 10-12 என்று போனது. அதில் தோற்று, இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கி, நான்காவது செட்டில் 2-5 என்று இருந்த நிலையிலிருந்து அதை 7-5 ஆக்கி, ஐந்தாவதையும் எடுத்து இந்தியாவை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். கேமுக்குள் எப்படி எதுவும் முடிந்துவிடவில்லையோ, அப்படியே செட்டுக்குள்ளும்.

விம்பிள்டன் ஐந்தாவது செட்டில் மட்டும் வெகுகாலம் டைபிரேக் வைக்கவில்லை. அதனால்தான் 2010ல் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹுவும் ஆடிய கடைசி செட் 70-68 வரை போனது. மேட்ச் மூன்று நாட்களில், 11 மணி 5 நிமிடம் ஆடப்பட்டது. 47-47ல் ஸ்கோர் பலகையே நின்றுவிட்டது. 2019ல் விம்பிள்டன் 12-12ல் டைபிரேக் என்று விதி வைத்தது. ஃபெடரர் தோற்ற அந்த 13-12 அப்படி வந்ததுதான். 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் கடைசி செட் 6-6 ஆனால் 10 பாயிண்ட் டைபிரேக்.

இரட்டையர் ஆட்டத்தில் டியூஸ் வந்தும் ஒரே பாயிண்டில் கேமை முடித்துவிட்டார்கள். நான் தப்பாகப் பார்த்தேனா?

சரியாகத்தான் பார்த்தீர்கள். ஆண்களின் தொழில்முறைச் சுற்றில் இரட்டையர் ஆட்டங்களுக்கு அட்வான்டேஜ் இல்லாத முறை உண்டு. 40-40 வந்தால் அடுத்த ஒரே பாயிண்டில் கேம் தீர்ந்துவிடும். வலப்பக்கமா இடப்பக்கமா எங்கே சர்வை வாங்குவது என்று எதிரணி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மேட்ச் எவ்வளவு நேரம் ஓடும் என்று கணிக்க முடியவில்லை என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கிராண்ட் ஸ்லாம் ஆண்கள் இரட்டையரில் பழைய அட்வான்டேஜ் முறைதான். எனக்கும் அதுதான் பிடிக்கும். கயிறு இழுப்பதை ஒரே இழுப்பில் முடித்தால் என்ன சுவை?

நாங்கள் அம்பயர் இல்லாமல் ஆடுகிறோம். நீளமாகப் பந்து போய் வந்தால் ஸ்கோர் மறந்துவிடுகிறது. சண்டை வராமல் இருக்க என்ன செய்வது?

முதலில் பழக்கம். சர்வ் போடுபவர் ஒவ்வொரு பாயிண்டுக்கு முன்னும் ஸ்கோரை எதிராளிக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். முனகினால் போதாது. எதிராளி மறுக்க வேண்டுமானால் அப்போதே மறுக்கட்டும். மூன்று பாயிண்ட் கழித்து "அப்பவே 30 ஆல் தானே" என்று ஆரம்பித்தால் தீர்ப்பது கஷ்டம்.

அடுத்தது, நிற்கும் இடமே பாதி ஸ்கோரைச் சொல்லிவிடும். இது பலருக்குத் தெரியாது. கேமின் முதல் சர்வ் வலப்பக்கத்திலிருந்து, அடுத்தது இடப்பக்கத்திலிருந்து, இப்படி மாறி மாறிப் போகும். அதனால் ஆடி முடிந்த பாயிண்ட்கள் இரட்டைப்படை என்றால் வலம், ஒற்றைப்படை என்றால் இடம். டியூஸில் எப்போதும் வலப்பக்கம், அட்வான்டேஜில் எப்போதும் இடப்பக்கம்.

எங்கள் கோர்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. நான் சர்வ் போட இடப்பக்கக் கோட்டில் நிற்கிறேன். நான் 40-30 என்றேன், வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் 30 ஆல் என்றார். இருவருக்கும் அவரவர் கணக்கில் உறுதி. 30 ஆல் என்றால் முடிந்தது நான்கு பாயிண்ட், நான் வலப்பக்கம் நிற்க வேண்டும். 40-30 என்றால் ஐந்து, இடப்பக்கம் சரி. கடைசிச் சர்வ் வலப்பக்கத்திலிருந்துதான் போட்டேன் என்று இருவருக்குமே நினைவிருந்தது. அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஆமாம், சரி, போடுங்க" என்றார்.

ஆனால் இந்த வழிக்கும் எல்லை உண்டு. 40-15ஆ, 15-40ஆ என்று குழம்பினால் பக்கம் உதவாது, இரண்டுமே நான்கு பாயிண்ட், இரண்டுமே வலம். அப்போது இருவரும் ஒவ்வொரு பாயிண்டாக நினைவுபடுத்திப் பாருங்கள். "முதல்ல நீங்க டபுள் ஃபால்ட், அப்புறம் நான் வலையில் அடிச்சேன்" என்று வரிசையாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துப்போகும். அதுவும் முடியாவிட்டால் இருவரும் ஒப்புக்கொள்ளும் கடைசி ஸ்கோருக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து ஆடுங்கள்.